பாட்டத்துக்கு விடுவதா, பறித்து விற்பதா? ஒரு தமிழ் மின்னூலின் 90 நாள் கணக்கு

ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கும் குடும்பம் ஒன்றின் கதை. எழுதியவர் தக்கலைக்காரர். 40 அத்தியாயம், ஏறக்குறைய 62,000 சொற்கள். நாகர்கோவிலில் அச்சிட்டு 300 ரூபாய் விலை போட்டாயிற்று, இனி மின்னூல். அமேசானின் கேடிபி தளத்தில் கோப்பை ஏற்றி, அட்டையைச் சேர்த்து, விலைப் பக்கத்துக்கு வந்தால் ஒரு சின்னக் கட்டம் நிற்கிறது: கேடிபி செலக்டில் சேர்கிறீர்களா? பாதிப் பேர் என்ன ஏது என்று பார்க்காமல் டிக் போட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர், "ஒரே கடைக்கா? அதெல்லாம் வேண்டாம்" என்று கடந்து போகிறார்கள். இரண்டு பேருமே கணக்குப் போடவில்லை. போட்டால் விடை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும்.

தென்னந்தோப்பைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டுப் பழகிய குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு செலக்டை விளக்க அதிக நேரம் ஆகாது. பாட்டக் காலம் முடியும் வரை, கறிக்கு ஒரு தேங்காய் வேண்டுமென்றாலும் பாட்டக்காரரிடம்தான் கேட்க வேண்டும். செலக்டில் சேர்ந்தால் நூல் கிண்டில் அன்லிமிடெட் என்ற அமேசானின் சந்தா நூலகத்துக்குள் போகும், சந்தாதாரர்கள் வாசிக்கும் பக்கத்துக்குப் பணம் வரும். அதற்கான பாட்டக் காலம் 90 நாள். அந்த 90 நாளும் அந்த நூலின் மின்வடிவம் அமேசானைத் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது. விற்கவும் கூடாது, இலவசமாகக் கொடுக்கவும் கூடாது, உங்கள் சொந்த வலைப்பதிவில் போடவும் கூடாது. மாதிரி வாசிப்புக்காக 10 சதவீதம் வரை வெளியே வைக்கலாம். அச்சுப் புத்தகத்தை இந்த ஒப்பந்தம் தொடாது. நாகர்கோவில் கடைகளில் அது பாட்டுக்கு விற்கும். ஒலிப்புத்தகத்தையும் தொடாது. ஒரு எழுத்தாளரின் எல்லா நூல்களையும் சேர்த்துக் கட்டிப்போடுவதும் இல்லை. ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியாக முடிவெடுக்கலாம். இந்தக் கடைசி விஷயம் தெரியாமல், ஐந்து நூல் வைத்திருப்பவர் ஐந்தையும் உள்ளே தள்ளுவதைப் பார்க்க முடிகிறது.

இதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் ஆங்கில நூல் விற்பவர்கள் எழுதியவை. அவர்களுடைய விவாதம், "கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள் வேண்டுமா, மற்ற கடைகள் வேண்டுமா" என்பதோடு நின்றுவிடும். அமெரிக்க விற்பனையைப் பொறுத்தவரை அது சரி. அங்கே செலக்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருந்தால் 70 சதவீத ராயல்டி கிடைக்கும். இந்தியாவில் அப்படி இல்லை. இந்தியா, ஜப்பான், பிரேசில், மெக்சிகோ ஆகிய நான்கு நாடுகளின் வாசகர்களுக்கு விற்கும்போது, நூல் செலக்டில் இருந்தால் மட்டுமே 70. இல்லையென்றால் 35. ஆகவே நம் தக்கலைக்காரர் வெளியே போனால், கிண்டில் அன்லிமிடெட்டை மட்டும் இழக்கவில்லை, அமேசான்.இன் தளத்தில் விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் பாதியை இழக்கிறார். ஆங்கில அறிவுரையை வாசித்துவிட்டு முடிவெடுக்கும் தமிழ் எழுத்தாளர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மின்னூல் விலை 150 ரூபாய். (70 சதவீதத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: மின்னூல் விலை அச்சு நூலின் விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும். அச்சு 300 என்பதால் 240 வரை போகலாம். 150 தாராளமாக உள்ளே வரும்.) 70 சதவீதத்தில் அமேசான் கோப்பின் அளவைப் பார்த்து அனுப்பும் கட்டணம் கழிக்கும், இந்தியாவில் அது ஒரு எம்பிக்கு 7 ரூபாய். நாவலில் எழுத்து மட்டும்தான், அட்டையோடு சேர்த்து 0.8 எம்பி என்று வைப்போம். 150இல் 5.60 போக 144.40, அதில் 70 சதவீதம் 101 ரூபாய். செலக்டில் இல்லையென்றால் அனுப்பும் கட்டணம் கிடையாது, 150இல் 35 சதவீதம், 52.50. வரியை இங்கே சேர்க்கவில்லை. அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டும்.

அந்த நாவல் 90 நாளில் அமேசான்.இன்னில் 40 பிரதி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் 6,000 பக்கம் வாசிக்கிறார்கள். பக்கத்துக்கு என்ன கிடைக்கும் என்பது மாதாமாதம் மாறும், நாட்டுக்கு நாடு வேறுபடும். கணக்குக்காக 10 பைசா என்று வைப்போம். உங்கள் அறிக்கையில் வரும் தொகையைப் பக்கங்களால் வகுத்தால் உங்களுக்கான விகிதம் கிடைத்துவிடும். செலக்டில் மொத்த வரவு: விற்பனையில் 4,043, வாசிப்பில் 600, ஆக 4,643 ரூபாய்.

இப்போது வெளியே போகிறார். தமிழுக்கு அமேசானை விட்டால் முதலில் யோசிக்க வேண்டிய கடை கூகுள் பிளே புக்ஸ்தான். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் அந்தக் கடை இருக்கிறது. புதிய விதிமுறைகளை ஏற்றிருந்தால் கூகுளில் இந்திய விற்பனைக்கு 70 சதவீதம், அதாவது ஒரு பிரதிக்கு 105 ரூபாய். பழைய ஒப்பந்தத்தை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு 52 சதவீதம்தான். பார்ட்னர் சென்டருக்குள் போய் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அமேசானில் வாங்கியிருக்கக்கூடிய 40 பேரில் 10 பேர் கூகுளுக்கு மாறுகிறார்கள் என்போம். அமேசானில் 30 பிரதி, 1,575 ரூபாய். கூகுளில் 10 பிரதி, 1,050 ரூபாய். மொத்தம் 2,625. செலக்டோடு ஒப்பிட்டால் 2,018 ரூபாய் குறைகிறது. அதை 105ஆல் வகுத்தால் 19.2. ஆக, அமேசான் பக்கமே வராத புது வாசகர்கள் 20 பேர் கூகுளில் வாங்கினால்தான் 90 நாளில் கை சமமாகும்.

இருபது என்பது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் இவர்கள் எல்லோரும் புதியவர்களாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே அமேசானில் வாங்குகிற ஆள் கூகுளுக்கு மாறினால் 101 ரூபாய் 105 ஆகிறது, அவ்வளவுதான். அதில் ஒன்றும் வளரவில்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கூகுளில் மட்டும் வாங்கக்கூடிய 20 பேரை, உங்கள் ஊரில், உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில், உங்கள் அச்சு நூலின் வாசகர்களில், பெயர் சொல்லி எண்ணிவிட முடியுமா? "கிண்டில் ஆப் எல்லாம் வேண்டாம், போனிலேயே வாசிக்க ஏதாவது உண்டா" என்று கேட்டவர்கள் இருந்தால் அவர்களை எண்ணுங்கள். எண்ணிக்கை எட்டில் நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

விற்பனை எந்த நாட்டில் நடக்கிறது என்பதும் இதே கணக்கை மாற்றும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் தமிழர்கள்தான் உங்கள் வாசகர்கள் என்றால் செலக்ட் இல்லாமலேயே அங்கே 70 கிடைக்கும், பாட்டத்துக்கு விட வேண்டிய பெரிய காரணம் போய்விடுகிறது. ஒரு எச்சரிக்கை: இந்திய விலையை மட்டும் போட்டுவிட்டு மற்ற நாட்டு விலைகளைத் தானாக மாற்றிக்கொள்ளச் சொன்னால், 150 ரூபாய் அமெரிக்காவில் 2.99 டாலருக்குக் கீழே விழும், 70 சதவீதத் தேர்வு அங்கே செல்லாது. அமெரிக்க விலையைத் தனியாக 2.99 என்று கையால் போட வேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் விஷயம் வேறு. வளைகுடா நாடுகள் அமேசானின் 70 சதவீதப் பட்டியலில் இல்லை; அங்கத்திய முகவரியில் கணக்கு வைத்திருப்பவர் வாங்கினால் எப்படியும் 35தான். கணக்கை இன்னும் மார்த்தாண்டத்து முகவரியிலேயே வைத்திருப்பவர் வாங்கினால் அது இந்திய விற்பனை. கேடிபி அறிக்கையில் விற்பனையைக் கடைவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். கணக்கை அங்கிருந்து தொடங்குவது நல்லது.

படம் நிறைந்த நூல்களுக்கு விடை ஏறக்குறைய தலைகீழ். நாஞ்சில் நாட்டுச் சமையல் நூல் ஒன்று, அவியலுக்கும் தீயலுக்கும் உளுந்தங்கஞ்சிக்கும் முழுப் பக்க வண்ணப் படங்களோடு. கோப்பு 12 எம்பி. அதே 150 ரூபாய் விலை. 70 சதவீதத்தில் அனுப்பும் கட்டணம் மட்டும் 84 ரூபாய். மிச்சம் 66இல் 70 சதவீதம், 46.20. செலக்டே இல்லாமல் 35 சதவீதத்தில் 52.50! அதாவது 70ஐவிட 35 அதிகம் தருகிறது. 150 ரூபாய் நூலுக்கு இந்தத் திருப்பம் 10.7 எம்பியில் வரும். அனுப்பும் கட்டணம் விலையில் பாதியைத் தொடும் இடம் அது. படங்களைச் சுருக்கி 3 எம்பிக்குக் கொண்டுவந்தால் மறுபடி 70 வெல்லும், ஆனால் சுருக்கிய படத்தில் தீயலின் நிறம் தெரிய வேண்டுமே. அமேசான் கோப்பை மாற்றிய பிறகு எத்தனை எம்பி என்பதை விலைப் பக்கத்திலேயே காட்டும். உங்கள் கணினியில் இருக்கும் வேர்டு கோப்பின் அளவை நம்பிக் கணக்குப் போட்டால் தப்பும். இப்படிப்பட்ட நூலுக்கு ராயல்டிக்காக செலக்டில் சேர ஒரு காரணமும் இல்லை. சமையல் நூலை ஆரம்பம் முதல் கடைசி வரை பக்கம் பக்கமாக வாசிப்பவர்களும் குறைவு என்பதால், அன்லிமிடெட் வரவும் சொற்பமாகத்தான் இருக்கும்.

அந்தப் பக்கக் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கிண்டில் அன்லிமிடெட் இந்தியாவுக்கு வந்தது 2015 செப்டம்பரில். அதற்குச் சற்று முன், 2015 ஜூலையில், நூலை இரவல் எடுத்தால் பணம் என்ற பழைய முறையை அமேசான் கைவிட்டு, வாசித்த பக்கத்துக்குப் பணம் என்று மாற்றியது. எந்தப் பக்கம்? அச்சுப் பக்கம் அல்ல. எழுத்துருவைப் பெரிதாக்கியும் வரிக்கு இடையே இடம் விட்டும் பக்கத்தை ஊதிவிடக் கூடாதென்று, எல்லா நூலுக்கும் ஒரே அளவுகோலில் அவர்களே பக்கம் எண்ணுகிறார்கள். அந்த எண் KENPC என்ற பெயரில் கேடிபியில் நூலின் விளம்பரப் பக்கத்தில் இருக்கும். நம் நாவலுக்கு அது 310 என்று வைப்போம். ஒருவர் முழுதாக வாசித்தால் 31 ரூபாய். ஒரு விற்பனைக்கு 101. மூன்று பேருக்கு மேல் முழுதாக வாசித்தால்தான் ஒரு விற்பனைக்கு ஈடு. ஒருவர் ஒரு பக்கத்தை முதல் தடவை வாசிப்பதற்குத்தான் பணம். திரும்ப வாசித்தால் கிடையாது.

கேடிபி அறிக்கையில் நாள்வாரியாக வாசித்த பக்கங்களைக் காட்டும் வரைபடத்தில் பார்க்க வேண்டியது மொத்தப் பக்கங்களை அல்ல. இரவல் எடுத்தவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை. அமேசான் அதை நேரடியாகச் சொல்லாது, ஆனால் சிறிய எழுத்தாளருக்கு யூகிக்க முடியும். ஒரு நாள் 310, இன்னொரு நாள் 180 அடுத்த நாள் 130 என்று வந்தால் ஒருவர் முடித்திருக்கிறார். 12, 9, 15, 11 என்று துளித்துளியாக வந்து நின்றுவிடுகிறது என்றால், திறக்கிறார்கள், முதல் அத்தியாயத்தோடு மூடுகிறார்கள். இந்த இரண்டாவது வகை நூலுக்கு அன்லிமிடெட் ஒரு வரவே அல்ல. தொடர்கதைப் பழக்கத்தில் எழுதப்பட்ட குடும்ப நாவல்கள் முதல் வகையில் விழும். கவிதையும் கட்டுரையும் பெரும்பாலும் இரண்டாவதில். இது என் கணிப்பு, விதி அல்ல.

செலக்டின் விளம்பரச் சலுகைகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கவுண்ட்டவுன் டீல் என்று ஒன்றைப் பெரிதாகச் சொல்வார்கள்: விலையைக் குறைத்து, கடிகாரம் ஓட, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. அது அமேசான்.காம், அமேசான்.கோ.யுகே இரண்டில் மட்டும்தான். இந்தியக் கடையில் கிடையாது. நமக்கு மிஞ்சுவது இலவச நாட்கள். 90 நாளுக்கு ஐந்து. சேர்த்தும் எடுக்கலாம், பிரித்தும் எடுக்கலாம். இலவசமாகப் போன பிரதிகளுக்கு ஒரு பைசா வராது. அன்லிமிடெட்டில் இரவல் எடுத்து வாசித்திருக்கக்கூடிய ஆள் அன்றைக்கு இலவசமாக வாங்கிவைத்துக்கொண்டால் அவருடைய பக்கங்களும் போயின. மதிப்புரைகள் இல்லாத புது நூலுக்கு இரண்டு நாள் கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை. ஐந்தையும் தீர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இலவச நாளில் அடிக்கடி நடக்கும் கூத்து நேரம் சம்பந்தப்பட்டது. அமேசான் நாளை எண்ணுவது அமெரிக்க மேற்குக் கடற்கரை நேரத்தில். அங்கே நள்ளிரவு 12 அடிக்கும்போது இங்கே பகல் 12.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 1.30. சனிக்கிழமை இலவசம் என்று போட்டுவிட்டு, சனி காலை ஏழு மணிக்கு எல்லாக் குழுக்களிலும், "இன்று என் நாவல் இலவசம்" என்று அனுப்பினால், காபி குடித்துக்கொண்டே திறந்து பார்ப்பவருக்கு 150 ரூபாய்தான் தெரியும். அவர் மறுபடி வரமாட்டார். செய்தியை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், இணைப்பை நீங்களே ஒரு தடவை திறந்து விலை பூஜ்யம் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். முடிவும் அதே மாதிரி மறுநாள் மத்தியானம்தான் வரும். ஞாயிறு காலைக் கூட்டத்துக்கும் இலவசமாகவே கிடைக்கும்.

இவ்வளவு கணக்குக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தத் தோப்பு பாட்டத்துக்கு விடும் நிலையில் இருக்கிறதா? தமிழில் எழுதுபவர்களில் பலர் இணையத்தில் எழுதித்தான் நூலுக்கு வந்தவர்கள். நம் நாவல் பிரதிலிபியில் 40 வாரம் தொடராக வந்திருந்தால், அது இன்னும் அங்கே திறந்து கிடந்தால், செலக்டில் சேர்ந்த நொடியிலேயே ஒப்பந்தம் மீறப்பட்டாயிற்று. முன்னுரையை மாற்றினேன், இரண்டு அத்தியாயம் கூட்டினேன் என்பது உதவாது. பெருமளவு அதே உள்ளடக்கம் என்றாலே போதும். 62,000 சொல்லில் 10 சதவீதம் 6,200. சராசரியாக நான்கு அத்தியாயம். எல்லைமேல் நிற்க வேண்டாம், மூன்றை விட்டுவிட்டு மீதி 37ஐ எடுத்துவிட்டுத்தான் டிக் போட வேண்டும்.

எடுத்தபிறகு சரிபார்க்க ஒரு எளிய வழி. இரண்டாம் அத்தியாயம், நடு, கடைசி அத்தியாயம் என்று மூன்று இடங்களிலிருந்து வேறு யாரும் எழுதியிருக்க முடியாத ஒவ்வொரு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். "பால் வெட்டுகத்தியை ஓலைப்பாயில் துடைத்துவிட்டு" என்பது மாதிரி ஒரு வரி போதும். நீங்கள் மறந்துபோன பழைய வலைப்பதிவு வரும். நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தில் தன் தளத்தில் போட்டுவைத்த பிடிஎஃப் வரும். அமேசானும் இப்படித்தான் கண்டுபிடிக்கிறது. பிறகு, வெளியே இருப்பதை எடு, இல்லையென்றால் செலக்டிலிருந்து எடுப்போம் என்று மின்னஞ்சல் வரும். திருட்டு பிடிஎஃப் என்றால் அதை எடுக்கச் சொல்லி நீங்கள் எழுதிய கடிதத்தைப் பதிலோடு சேர்த்து அனுப்பவேண்டும். அதற்காகவே தேதியோடு சேமித்துவைக்க வேண்டும்.

எடுக்கவே முடியாத நிலையும் உண்டு. நூலை ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏற்கெனவே கொடுத்திருந்தால், அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. தளத்திலிருந்து எடுக்கச் சொல்லலாம். ஆனால் இறக்கிக்கொண்ட எவரும் அதைச் சட்டப்படி மறுபடி எங்கும் வைக்கலாம். அந்த நூலுக்கு செலக்ட் என்ற பேச்சே வேண்டாம். சிறுகதைத் தொகுப்புக்காரர்களும் இங்கே நின்று யோசிக்க வேண்டும். 12 கதையில் ஒன்பது இணைய இதழ்களில் வந்தவை, அவை அங்கேயே இன்னும் இலவசமாக இருக்கின்றன என்றால், ஆசிரியர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எடுக்கவைப்பதைவிடத் தொகுப்பைப் பல கடைகளில் விற்பது மேல். இதழில் கதை இருப்பது உங்களுக்குக் கிடைத்த நிரந்தர விளம்பரம். 90 நாளுக்காக அதை அழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கூகுளில் ஏற்கெனவே வைத்திருந்து, இப்போது செலக்டுக்கு மாற நினைப்பவர்களுக்கு ஒரு கண்ணி உண்டு. விலையை மட்டும் நீக்கிவிட்டால் விற்பனை நிற்கும். ஆனால் கூகுள் புக்ஸ் தேடலில் முன்னோட்டம் அப்படியே இருக்கும். அந்த முன்னோட்டம் குறைந்தது நூலின் 20 சதவீதம். செலக்ட் அனுமதிப்பது 10. விற்கவே இல்லையே என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது மீறல் திரையில் தெரிந்துகொண்டிருக்கும். பார்ட்னர் சென்டரில் அந்த நூலையே முடக்கி, வேறொரு போனில், உங்கள் கணக்கில்லாமல், தலைப்பைத் தேடிப் பார்த்துவிட்டு அமேசானுக்கு வர வேண்டும். ஓரிரு நாள் ஆகலாம்.

வெளியே வருவதிலும் தடுக்கி விழுகிறார்கள். 90 நாள் முடிந்ததும் செலக்ட் தானாகவே அடுத்த 90க்குப் புதுப்பித்துக்கொள்ளும். நூலின் செலக்ட் பக்கத்தில் தேதி இருக்கும், பக்கத்தில் தானாகப் புதுப்பிக்கும் தேர்வும் இருக்கும். சேர்ந்த அன்றே அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எடுத்தால் உடனே வெளியேறிவிட மாட்டீர்கள்; இந்தத் தவணை முடியும்வரை உள்ளேதான். தொடர வேண்டுமென்று தோன்றினால் அப்போது மறுபடி சேரலாம். ஜூன் 1இல் சேர்ந்தவருக்கு ஆகஸ்ட் கடைசியில் முடியும். செப்டம்பரில் நினைவுக்கு வந்தால் நவம்பர் கடைசி வரை காத்திருக்க வேண்டியதுதான். அவசரத்தில் சிலர் அமேசானிலிருந்து நூலையே இறக்கிவிட்டுக் கூகுளில் ஏற்றுவார்கள். அது தீர்வல்ல. நூலை இறக்கினாலும் மீதி நாட்களுக்கு ஒப்பந்தம் உயிரோடிருக்கும். விற்பனையும் இல்லை, விடுதலையும் இல்லை. தவணைக்குள் வேறு கடையில் முன்பதிவு திறப்பதும் மீறல்தான். கோப்பையும் அட்டையையும் கூகுளில் ஏற்றித் தயாராக வைக்கலாம், வெளியிடும் பொத்தானை மட்டும் முடிவுத் தேதிக்கு மறுநாள் தொடவேண்டும். கூகுளுக்கு ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையில் விண்ணப்பிக்க வேண்டும்.

வெளியே வந்தபின் இரண்டு கடையிலும் ஒரே விலை வையுங்கள். கூகுளில் 120, அமேசானில் 150 என்று விட்டால், அமேசான் அதைக் கவனித்துத் தன் விலையையும் 120க்கு இறக்கலாம்.

தக்கலைக்காரருக்கு நான் சொல்வது இது. தொடர் இணையத்தில் இல்லை என்றால், எழுத்து மட்டுமான புது நாவல் என்றால், முதல் 90 நாள் செலக்டில் விடுங்கள். புதுப்பிக்கும் டிக்கை அன்றே எடுங்கள். 60ஆம் நாள் அறிக்கையைத் திறந்து மூன்று எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: அமேசான்.இன் விற்பனை, வெளிநாட்டு விற்பனை, வாசித்த பக்கங்களை KENPCயால் வகுத்த எண். இந்த மூன்றாவது எண் பத்துக்கு மேல் இருந்தால் இன்னொரு தவணை. அது இரண்டு மூன்றில் நின்று, இந்திய விற்பனையும் மாதத்துக்கு இரண்டு மூன்று பிரதிதான் என்றால், செலக்ட் தரும் கூடுதல் மாதம் 200 ரூபாயைத் தாண்டாது. கூகுளில் இரண்டு புது வாசகர் வந்தாலே அதைச் சமன் செய்துவிடுவார்கள். மீதி 30 நாளில் செய்ய வேண்டியது, நூலை யூனிகோடில் சுத்தமான இபப் கோப்பாக்கி வைப்பது. அச்சகத்திலிருந்து வாங்கிய பழைய எழுத்துருப் பிடிஎஃபைக் கூகுளில் ஏற்றினால், போன் திரையில் பக்கத்தை இழுத்து இழுத்து வாசிக்க வேண்டியிருக்கும். "குலசேகரம்" என்று தேடினாலும் நூலுக்குள் ஒன்றும் கிடைக்காது.